சுமை தூக்குபவரின் உள்முழங்கை வலி: ஓய்வா, ஊசியா, பயிற்சியா, அறுவையா?

சுமை தூக்கும் வேலையில் இருப்பவருக்கு முழங்கையின் உட்பக்கத்தில் வலி தொடங்கி இரண்டு மூன்று மாதங்களாகியும் விடாமல் இருந்தால், மருத்துவர்கள் அதைப் பெரும்பாலும் கோல்ஃபர்ஸ் எல்போ என்று சொல்கிறார்கள். இந்தப் பெயரால் அழைக்கப்படும் பலர் கோல்ஃப் மட்டையைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. வேலையை நிறுத்தி முழு ஓய்வெடுக்கலாம். வலிக்கும் இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாம். சுமையைக் குறைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்ட தசைநாணைப் பயிற்சியால் படிப்படியாக வலுப்படுத்தலாம். அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம்.

எது வலியை விரைவில் போக்கும் என்று கேட்டால் ஒரு விடையும், எதைச் செய்தால் அடுத்த ஆண்டும் இதே சுமையைத் தூக்க முடியும் என்று கேட்டால் வேறொரு விடையும் கிடைக்கும். அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இவ்விரு கேள்விகளுக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லாமல் இருக்கலாம். சுமை தூக்குபவருக்கு அந்த இடைவெளி மிகப் பெரியது. ஆகவே இந்தக் கட்டுரை நான்கு வழிகளையும் இரண்டாவது கேள்வியைக் கொண்டே எடைபோடுகிறது.

வலி எங்கிருந்து வருகிறது

முழங்கையின் உட்பக்கத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்பிலிருந்துதான் மணிக்கட்டை உள்நோக்கி மடக்கும் தசைகளும், உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசையும், விரல்களை இறுக்கிப் பிடிக்கச் செய்யும் தசைகளில் ஒன்றும் புறப்படுகின்றன. இவை அனைத்துக்கும் பொதுவான தசைநாண் அந்தப் புடைப்பில் ஒட்டியிருக்கும் இடம் சிறியது. அந்தச் சிறிய இடத்தில் ஆறாத நுண் சேதங்கள் சேர்ந்துகொண்டே போவதுதான் இந்த நோய். நாட்பட்ட நிலையில் அந்தத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சிக்குரிய செல்கள் பெரிதாகத் தென்படுவதில்லை. ஒழுங்கு குலைந்த இழைகளும், முறையற்று வளர்ந்த சிறு இரத்தக் குழாய்களுமே தென்படுகின்றன. அழற்சியை அடக்கும் மருந்துகள் வலியைத் தணித்தாலும் நோயை மாற்றாமல் போவதற்கு இது முக்கியக் காரணம்.

சுமை தூக்கும்போது அந்த இடத்தில் எவ்வளவு இழுவிசை விழுகிறது என்பதை ஒரு தோராயக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். 20 கிலோ பெட்டி ஒன்றை, உள்ளங்கைகள் மேல்நோக்கியிருக்க, முன்கைகளைக் கிடையாக நீட்டி ஏந்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கைக்கும் 10 கிலோ. பெட்டி விரல்களின் மேல் அமர்ந்து, அதன் பாரம் மணிக்கட்டிலிருந்து சுமார் 8 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், மணிக்கட்டின் அச்சிலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தொலைவில் மட்டுமே ஓடும் தசைநாண்கள் அதைச் சமன்செய்ய நான்கு மடங்கு விசையோடு, அதாவது 40 கிலோவுக்கு ஈடாக இழுக்க வேண்டும். அதே பெட்டியை உடலோடு அணைத்து, பாரம் மணிக்கட்டை ஒட்டி 2 சென்டிமீட்டரில் விழும்படி பிடித்தால், தேவைப்படும் இழுவிசை 10 கிலோ அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பாரம் முன்கையின் மேலேயே ஏறிவிட்டால் மணிக்கட்டுத் தசைகளுக்கு அந்த வேலையே இல்லாமல் போகிறது. தூக்கும் எடை மாறவில்லை. பிடிக்கும் விதம் மட்டுமே மாறியது. இந்தக் கணக்கு, பின்னால் வரும் ஒப்பீட்டில் ஓய்வுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி இருப்பதைக் காட்டுகிறது என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தேர்வுக்கு முன் இரண்டு சோதனைகள்

முதலாவது, வலி உண்மையில் அந்தத் தசைநாணிலிருந்துதான் வருகிறதா என்பது. புடைப்பின் மீதோ, அதற்குச் சற்று முன்னும் கீழுமாக ஒரு சென்டிமீட்டருக்குள்ளோ அழுத்தும்போது வலி கூர்மையாக இருக்க வேண்டும். முழங்கையை நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மற்றொருவர் தடுக்கத் தடுக்க மணிக்கட்டை மடக்கினாலோ, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பினாலோ அதே வலி திரும்ப வர வேண்டும். இவை இரண்டும் பொருந்தினால், தொடக்கத்தில் ஸ்கேன் எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. இதற்கு மாறாக, சுமை தூக்கும்போது ஏதோ அறுந்தது போன்ற சத்தம் கேட்டு, வலிமை சட்டென்று குறைந்து, தோலில் இரத்தம் கட்டியிருந்தால் அது தசைநாண் கிழிவாகவோ மூட்டை இணைக்கும் நாரின் கிழிவாகவோ இருக்கலாம். அதற்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, உடனே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். உழைக்கும்போது இடது கையின் உட்பக்கம் வலித்து, கூடவே நெஞ்சில் இறுக்கமோ வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் அது முழங்கைப் பிரச்சினையே அல்ல, அவசர மருத்துவ உதவி தேவைப்படும் நிலை.

இரண்டாவது சோதனையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அந்தப் புடைப்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் அல்நார் நரம்பு ஓடுகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்வது போலத் தோன்றுவது இந்த நரம்பால்தான். உள்முழங்கை வலியோடு சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போவது, முழங்கையை மடக்கித் தூங்கினால் இரவில் விரல்களில் எறும்பு ஊர்வது போல இருப்பது, சிறு பொருள்கள் கையிலிருந்து நழுவுவது ஆகியவை இருந்தால் நரம்பும் நெருக்கப்படுகிறது என்று கொள்ள வேண்டும். அப்போது தேர்வுகளின் வரிசையே மாறுகிறது: இறுக்கமான முழங்கைப் பட்டை தீங்கு செய்யலாம், ஊசியின் ஆபத்து கூடுகிறது, காத்திருக்கும் காலம் குறைகிறது, அறுவை சிகிச்சையின் பலன்கூட ஓரளவு குறையக்கூடும். கழுத்து எலும்பிடையே நரம்பு அழுந்தினாலும் இதே விரல்கள் மரக்கும் என்பதால், கழுத்தைத் திருப்பும்போது அறிகுறி கூடுகிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார்.

ஓய்வும் ஊசியும்

முழு ஓய்வுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வலி மிகக் கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களில் அது தேவைப்படவும் செய்யும். ஆனால் அதை வாரக்கணக்கில் நீட்டும்போது எதிர்பாராத விளைவு ஒன்று வருகிறது. தசைநாண் தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் திசு. பாரமே இல்லாதபோது அதன் தாங்குதிறனும், அதை இழுக்கும் தசையின் வலிமையும் குறைகின்றன. ஆறு வாரம் ஓய்வெடுத்தவருக்கு வலி குறைந்திருக்கும், ஆனால் அவர் திரும்பிப் போகும் வேலையில் சுமை அப்படியேதான் இருக்கும். தாங்குதிறன் குறைந்த கையோடு பழைய சுமைக்குத் திரும்பியவருக்கு இரண்டாவது வாரத்திலேயே வலி மீண்டும் வருவதில் வியப்பில்லை. வருமான இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமை தூக்குபவருக்கு முழு ஓய்வு என்பது விலை அதிகமாகவும் பலன் குறைவாகவும் உள்ள வழி என்பதே என் கருத்து.

ஊசியின் கவர்ச்சி அதன் வேகம். மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு கலந்து, தசைநாண் ஒட்டும் இடத்தைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். சில நாட்களில் வலி குறையத் தொடங்குகிறது. இந்த நோய்க்கென்றே நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட ஆறாவது வாரத்தில் வலி குறைவாக இருந்தது. மூன்றாவது மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முழங்கையின் வெளிப்பக்க வலிக்கு, அதாவது டென்னிஸ் எல்போவுக்கு, இன்னும் விரிவான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அங்கே ஸ்டீராய்டு போட்டுக்கொண்டவர்களுக்கு ஓராண்டில் வலி திரும்ப வருவது, போடாதவர்களைவிட அதிகமாகவே காணப்பட்டது. உட்பக்கத்துக்கும் அது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், தசைநாண் நோயின் தன்மை இரண்டிலும் ஒன்றுதான்.

சுமை தூக்குபவருக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஊசி தரும் ஆறு வார நிம்மதியில் தசைநாண் வலுவடைவதில்லை. வலி என்னும் எச்சரிக்கை மட்டும் மங்குகிறது. அந்த நாட்களில் அவர் 25 கிலோ மூட்டைகளை முன்போலவே தூக்குவார், ஏனென்றால் அவரைத் தடுக்க எதுவும் இல்லை. ஸ்டீராய்டு தசைநாண் இழைகளை ஓரளவு பலவீனப்படுத்தக்கூடியது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்த்தால், ஊசி போட்ட அடுத்த இரண்டு மூன்று வாரங்கள்தான் கனமான வேலைக்கு மிகவும் ஒவ்வாத காலம் என்பது விளங்கும். ஊசி போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வது என்ற இணைப்பே தவறான இணைப்பு. இவை தவிர, ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து அடியிலுள்ள கொழுப்பு கரைவது, நீரிழிவு உள்ளவருக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறுவது, அரிதாக அல்நார் நரம்பு காயப்படுவது ஆகிய பக்கவிளைவுகளும் உண்டு. சிலருக்கு முழங்கையை மடக்கும்போது அந்த நரம்பு பள்ளத்திலிருந்து நழுவிப் புடைப்பின் மேலேயே வந்துவிடும் என்பதால், அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி போடுவது பாதுகாப்பானது.

இருந்தாலும் ஊசிக்கு ஓர் இடம் இருக்கிறது. வலி காரணமாகத் தூக்கமே வராமல், மிக எளிய பயிற்சியைக்கூடத் தொடங்க முடியாமல் இருப்பவருக்கு, வேலையில் சுமையைக் குறைக்க உறுதியான ஏற்பாடு செய்த பிறகு, ஒரே ஒரு முறை போடலாம். வலி வரும்போதெல்லாம் போடுவதற்கு அது உரியதல்ல. சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசியையும் இப்போது பலர் பரிந்துரைக்கிறார்கள். வெளிமுழங்கை வலியில் அது உப்புநீர் ஊசியைவிடச் சிறந்தது என்று தரமான ஆய்வுகள் காட்டவில்லை. உள்முழங்கைக்கு ஆய்வுகளே குறைவு. அதற்கு ஆகும் செலவையும் பார்த்தால் நான் அதை முதல் வரிசையில் வைக்கமாட்டேன்.

சுமையைக் குறைத்து வலுவேற்றும் வழி

இந்த வழியின் அடிப்படை எளிது. வேலையில் தசைநாணின் மீது விழும் இழுவிசையை அது தாங்கக்கூடிய அளவுக்கு இறக்கிவிட்டு, தாங்குதிறனைப் பயிற்சியால் மெல்ல மேலே கொண்டுவந்து, இரண்டும் சந்தித்த பிறகு சுமையை ஏற்றுவது. இதன் குறை, இது மெதுவானது என்பதே. பலன் தெரிய ஆறு வாரமும், பழைய சுமைக்குத் திரும்ப மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். நடுவில் வலி ஏறி இறங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளாமல் கைவிடுபவர்கள் பலர்.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். கிடங்கில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும் 45 வயதுத் தொழிலாளி ஒருவர். வலது உள்முழங்கையில் பத்து வாரமாக வலி. மேலே சொன்ன சோதனைகள் பொருந்துகின்றன, விரல்கள் மரக்கவில்லை. தூக்கும் மூட்டைகள் 25 கிலோ வரை. கையைக் கீழிருந்து கொடுத்து, விரல்நுனிகளில் பெட்டியை ஏந்தும் பழக்கம். வேலையிடத்தில் ஆறு வாரத்துக்கு 10 கிலோவுக்கு மேல் தனியாகத் தூக்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம், முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, மறுகையால் அழுத்தத்தைத் தடுத்தபடி மணிக்கட்டை அசையாமல் மடக்கும் விசையை 45 விநாடி தாங்குகிறார். நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு விட்டு ஐந்து முறை, தினமும். வேலையில் பெட்டிகளை மார்போடு அணைத்து, பாரம் முன்கையில் விழும்படி தூக்குகிறார். உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பித் தூக்கினால் இந்த வலி குறையும்தான், ஆனால் பாரம் வெளிமுழங்கைத் தசைகளுக்கு மாறி அங்கே புது வலி தொடங்கக்கூடும். ஆகவே கட்டைவிரல் மேல்நோக்கிய நடுநிலைப் பிடியே ஏற்றது. புடைப்புக்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே, தசை திரண்டிருக்கும் பகுதியில் பட்டையை வேலை நேரத்தில் மட்டும் கட்டுகிறார். விரல் மரத்தால் உடனே அவிழ்க்க வேண்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து 1 கிலோ டம்பெல். மணிக்கட்டை மடக்கி மேலே கொண்டுவந்து, நான்கு விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறக்குவது; 15 முறை கொண்ட மூன்று சுற்றுகள், ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று சுற்றும் எளிதாக முடிந்தால் அரைக் கிலோ கூட்டலாம். கூடவே, சுத்தியலின் கைப்பிடி நுனியைப் பிடித்து உள்ளங்கையைக் கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் மெதுவாகத் திருப்பும் பயிற்சி. முதலில் முழங்கையை மடக்கி வைத்துச் செய்துவிட்டு, பிறகு நீட்டி வைத்துச் செய்ய வேண்டும். நீட்டிய நிலையில்தான் தசைநாண் அதிகம் இழுபடுகிறது, லாரியிலிருந்து சரக்கை எட்டி எடுக்கும்போதும் கை அந்த நிலையில்தான் இருக்கிறது.

வலியே இல்லாமல் பயிற்சி செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்துக்கு மூன்று வரையிலான வலி இருக்கலாம். மறுநாள் காலையில் அது முந்தைய நிலைக்கு இறங்கியிருக்கிறதா என்பதே அளவுகோல். இறங்கியிருந்தால் பாரம் சரி, இறங்காவிட்டால் அதிகம். நம் உதாரணத் தொழிலாளி ஐந்தாவது வாரத்தில் ஆள் பற்றாக்குறையால் ஒரு முழு லாரியையும் இறக்கிவிட்டு, மறுநாள் பத்துக்கு ஆறு வலியோடு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் பயிற்சி பலிக்கவில்லை என்று முடிவுகட்டி ஊசிக்குப் போகிறார்கள். செய்ய வேண்டியது, மூன்று நான்கு நாட்கள் அசையாமல் தாங்கும் பயிற்சிக்குத் திரும்பி, வலி பழைய நிலைக்கு வந்ததும் விட்ட எடையில் தொடர்வது. ஒரே நாள் அதிகச் சுமையால் ஏறிய வலி ஒரு வாரத்துக்குள் இறங்கினால், சேதம் கூடிவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை.

ஏழாவது வாரத்திலிருந்து பயிற்சி வேலையைப் போலவே மாற வேண்டும். 5 கிலோவைக் கையில் தொங்கவிட்டு நடப்பது, பிறகு 10, பிறகு 15. பெட்டியைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எடுப்பது. டம்பெல் பயிற்சியில் தேறியவர் நேரே 25 கிலோ மூட்டைக்குப் போனால் இந்தப் படி விடுபட்டுப்போகிறது. பயிற்சி முடித்தும் வலி திரும்பியதாகச் சொல்பவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். பன்னிரண்டாவது வாரத்தில் அவர் 20 கிலோவை வலி மூன்றுக்கு மிகாமல் நாள் முழுதும் கையாள்கிறார் என்றால், முழுச் சுமைக்குத் திரும்பும் பாதையில் இருக்கிறார்.

வேலையிடம் சுமையைக் குறைக்க ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? உண்மையில் பெரும்பாலோரின் நிலை இதுதான். அப்போதும் முழு ஓய்வா, பழையபடியா என்ற இரண்டு மட்டும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. கனமானவற்றை இருவராகத் தூக்குவது, தள்ளுவண்டியைப் பயன்படுத்துவது, கனமான சரக்கை வேலை நாள் முழுவதும் பரப்பிக்கொள்வது, பிடியை மாற்றுவது என ஒவ்வொன்றும் இழுவிசையில் ஒரு பங்கைக் குறைக்கும். முன்னே பார்த்த கணக்குப்படி பிடி ஒன்றே பாதிக்கு மேல் குறைக்கக்கூடியது. இவற்றில் எதுவுமே முடியாத வேலை என்றால், பயிற்சியின் பலன் வெகுவாகக் குறையும் என்பதை மறைப்பதில் பயனில்லை. அந்த நிலையில் இரண்டு மூன்று மாதம் வேறு பணிக்கு மாற்றித் தரும்படி மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கேட்பது, எந்த ஊசியையும்விட அதிகம் உதவும்.

அறுவை சிகிச்சை எப்போது

ஆறு மாதமாவது முறையான பயிற்சியும் சுமைக் குறைப்பும் நடந்து, அதன் பிறகும் வேலை செய்ய முடியாத அளவு வலி இருந்தால் மட்டுமே இது பேச்சுக்கு வர வேண்டும். முறையான என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: நான்கு நாள் செய்து விட்ட பயிற்சியும், 25 கிலோ தூக்கிக்கொண்டே செய்த பயிற்சியும் தோல்வி என்ற கணக்கில் சேராது. அறுவையில் சிதைந்த தசைநாண் பகுதியை வெட்டி நீக்கி, மீதியை எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். நரம்பு நெருக்கப்பட்டிருந்தால் அதையும் விடுவிக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வலி நன்றாகக் குறைகிறது. ஆனால் வலுவேற்றும் பயிற்சி ஏறத்தாழ ஆறு வாரத்துக்குப் பிறகே தொடங்கும், கனமான சுமைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அறுவை செய்துகொண்டவரும் மேலே சொன்ன அதே படிகளில்தான் ஏறிவர வேண்டும் என்பதால், பயிற்சியைத் தவிர்ப்பதற்காக அறுவையைத் தேர்ந்தெடுப்பதில் லாபமில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சுண்டுவிரல் எப்போதும் மரத்தே இருக்கிறது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தசை மெலிகிறது, விரல்களை விரிக்கும் வலு குறைகிறது என்றால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. தசைநாண் காத்திருப்பைத் தாங்கும். நீண்ட நாள் நெருக்கப்பட்ட நரம்பு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். அத்தகையவர் நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொண்டு, கை அறுவை மருத்துவரை அந்த வாரத்திலேயே பார்க்க வேண்டும்.